டைட்டாக இருந்தால் மட்டும் போதுமா?

2000-ஆம் ஆண்டு பிப்ரவரி 16 இரவு, கலிபோர்னியாவில் சாக்ரமெண்டோ அருகே உள்ள மேத்தர் விமான நிலையத்திலிருந்து ஒரு சரக்கு விமானம் கிளம்பியது. எமரி வேர்ல்ட்வைட் நிறுவனத்தின் டிசி-8 விமானம் அது. தரையை விட்டு எழும்பியதுமே அதன் மூக்கு அளவுக்கு மீறி மேலே தூக்கிக்கொண்டது. உள்ளே ஏற்றிய சரக்கு பின்பக்கம் நகர்ந்துவிட்டது என்றே விமானிகள் நினைத்தார்கள். நிலையத்துக்குத் திரும்பிவிட எவ்வளவோ போராடியும் முடியவில்லை. பக்கத்திலேயே இருந்த பழைய கார்களை உடைக்கும் யார்டு ஒன்றில் விமானம் விழுந்து நொறுங்கியது. அதில் இருந்த மூவரும் இறந்தார்கள்.

சரக்கு நகரவில்லை என்பது விசாரணையில் தெரிந்தது. விமானத்தின் மூக்கை ஏற்றி இறக்குவது வாலில் இருக்கும் எலிவேட்டர் என்ற பலகை. அந்தப் பலகையின் ஓரத்தில் ஒரு சிறு மடிப்புப் பலகை உண்டு. அதைத் தள்ளி இழுக்கும் தண்டு, வலது பக்கத்தில் தன் இணைப்பிலிருந்து விடுபட்டுப் போயிருந்தது. தண்டை இணைத்திருக்க வேண்டியது ஒரே ஒரு போல்ட். அந்த போல்ட்டை முறையாகப் பூட்டவில்லை, பூட்டியிருக்கிறதா என்று முறையாகச் சோதிக்கவும் இல்லை என்று அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் முடிவு சொன்னது. அங்கே இருக்க வேண்டிய ஏற்பாடு எளிமையானது. போல்ட் உருவிவராமல் ஒரு நட்டு தடுக்கும். நட்டு சுழன்று கழலாமல் ஒரு ஸ்பிளிட் பின் தடுக்கும்.

விமானத்தை விட்டுவிடுவோம். ஸ்பிளிட் பின் என்ற அந்த வளைந்த கம்பி டிராக்டர் சக்கரத்திலும் இருக்கிறது, பைக்கின் பிரேக் தண்டிலும் இருக்கிறது. ஹார்டுவேர் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும். சர்வீஸின்போது தொலைந்தால், “நட்டை நல்லா டைட் வெச்சிருக்கேன், ஒண்ணும் ஆகாது” என்ற ஒரு வார்த்தையோடு பல இடங்களில் விஷயம் முடிந்துவிடுகிறது. நல்ல இறுக்கம் இருந்தும் ஏன் ‘ஒண்ணும் ஆகாது’ என்று சொல்ல முடியாது என்பதைப் புரிந்துகொண்டால், இந்தச் சின்னச் சாமான்களில் எதை எங்கே எப்படிப் போட வேண்டும் என்பதும் தானாகவே விளங்கிவிடும்.

இறுக்கம் எங்கிருந்து வருகிறது?

நட்டைத் திருகும்போது நாம் உண்மையில் செய்வது போல்ட்டை இழுத்து நீட்டுவது. நீண்ட போல்ட் பழைய நீளத்துக்குச் சுருங்கப் பார்க்கும். அந்தச் சுருங்கும் விசைதான் இரண்டு பாகங்களையும் சேர்த்து அழுத்துகிறது. அழுத்தம் இருக்கும் வரை மரைகளுக்கு இடையிலும் நட்டின் அடியிலும் உராய்வு இருக்கும். நட்டு திரும்பாமல் நிற்பது அந்த உராய்வால்தான்.

போல்ட் எவ்வளவு நீளும்? 40 மி.மீ. கனமுள்ள பாகங்களை ஒரு 10 மி.மீ. போல்ட் நன்றாக இறுக்கிப் பிடித்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது நீண்டிருப்பது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. இடையில் இருக்கும் பெயின்ட் நசுங்கினாலோ, துருத் தூள் உதிர்ந்தாலோ, கேஸ்கெட் கொஞ்சம் அமுங்கினாலோ, அந்த நீட்சியில் பெரும் பகுதி போய்விடும். ஸ்பானர் வைத்த அன்று இருந்த இறுக்கம், நட்டு ஒரு நூல்கூடத் திரும்பாமலேயே அடுத்த வாரம் பாதியாகிவிடலாம்.

அதிர்வு இதைவிட மோசம். 1969-இல் கெர்ஹார்ட் யுங்கர் என்ற ஜெர்மன் பொறியாளர் இதைச் சோதனை செய்து காட்டினார். போல்ட்டின் நீளவாக்கில் வரும் அதிர்வைவிட, குறுக்குவாக்கில் பாகங்களை இங்குமங்கும் நகர்த்தும் அசைவே நட்டைக் கழற்றுகிறது. பாகங்கள் பக்கவாட்டில் வழுக்கும் ஒவ்வொரு தடவையும் மரைகளில் இருக்கும் உராய்வின் பிடி ஒரு நொடி விட்டுப்போகிறது. மரை என்பது சரிவு. பிடி விட்டதும் நட்டு அந்தச் சரிவில் இறங்கும் திசையிலேயே, அதாவது கழலும் திசையிலேயே, கொஞ்சம் நகர்கிறது.

இதற்குத்தான் ஸ்பிரிங் வாஷர் இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் நட்டை முழுதாக இறுக்கியதும் ஸ்பிரிங் வாஷர் தட்டையாகப் படுத்துவிடுகிறது. அதற்குப் பிறகு அது வெறும் வாஷர்தான். போல்ட்டின் விசைக்கு முன்னால் அதன் ஸ்பிரிங் விசை மிகச் சிறியது. குறுக்கு அசைவு வரும் இடத்தில் அதை நம்பக் கூடாது.

இறுக்கவே கூடாத இடங்கள்

அசையாத இரண்டு பாகங்களை இணைக்கும்போதாவது, போதிய இறுக்கம் கொடுத்து அவை வழுக்காமல் செய்துவிடலாம். இன்ஜின் ஹெட் போல்ட்டுகள் அப்படித்தான் நிற்கின்றன. ஆனால் கீல், சக்கரம், பிரேக் லிங்க் போன்றவை அசைவதற்கென்றே இருப்பவை. அவற்றின் ஆணியை இறுக்கிவிட்டால் வேலையே நடக்காது. இறுக்கம் இல்லாத இடத்தில் இறுக்கத்தை நம்பி இருக்க முடியாது. அங்கே வழியை மறிக்கும் ஒரு தடை வேண்டும்.

மாட்டு வண்டியின் கடையாணி செய்வது இந்த வேலைதான். சக்கரம் அச்சின் மேல் தளர்வாகச் சுழல்கிறது. அச்சின் முனையில் குறுக்கே செருகிய கடையாணி, சக்கரம் வெளியே நழுவாமல் தடுக்கிறது. அங்கே உராய்வுக்கு வேலையே இல்லை. ஆணி ஒடிந்தாலோ உருவினாலோ ஒழிய சக்கரம் கழல வழியில்லை.

டிராக்டரின் முன்சக்கரத்தில் இதே ஏற்பாடு கொஞ்சம் நுட்பமாக இருக்கிறது. சக்கரத்தின் ஹப் இரண்டு டேப்பர் ரோலர் பேரிங்குகள்மேல் சுழல்கிறது. இந்தப் பேரிங்கின் ரோலர்கள் சரிவாக அமைந்தவை. ஆக்சில் முனை நட்டை இறுக்க இறுக்க, உள்வளையம் ரோலர்களுக்குள் நெருங்கிப் போகும். நட்டு அதிகமாக இறுகினால் பேரிங் சூடேறி, கிரீஸ் கருகி, சிக்கிக்கொள்ளும். அதிகமாகத் தளர்ந்தால் சக்கரம் ஆடும், சுமை இரண்டொரு ரோலர்மேல் மட்டும் விழும். நட்டு நிற்க வேண்டிய சரியான இடம் ‘டைட்’ என்பதற்குச் சற்று முன்னால் இருக்கிறது. கையால் திருப்பினால் திரும்பிவிடக்கூடிய ஒரு நட்டுதான் அந்தச் சக்கரத்தைப் பிடித்திருக்கிறது. எனவே அதன் பூட்டு வேறொன்றாக இருந்தாக வேண்டும்.

அதற்காகத்தான் அந்த நட்டின் தலையில் கோட்டை மதில்போல ஆறு வெட்டுகள் இருக்கின்றன. காஸில் நட்டு என்று பெயர். ஆக்சில் முனையில் குறுக்கே ஒரு துளை இருக்கும். நட்டின் ஏதாவது இரண்டு எதிரெதிர் வெட்டுகளையும் இந்தத் துளையையும் நேராகக் கொண்டுவந்து ஸ்பிளிட் பின்னைச் செருக வேண்டும்.

நல்ல மெக்கானிக் இதைச் செய்யும் முறையைப் பாருங்கள். முதலில் சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்குவார். ரோலர்கள் தங்கள் இடத்தில் ஒழுங்காக உட்கார இந்தச் சுற்றல் வேண்டும். சுற்றாமல் இறுக்கினால் உட்கார்ந்ததுபோல் காட்டி, வண்டி கொஞ்ச தூரம் ஓடியதும் தளர்ந்துவிடும். அடுத்து நட்டை முழுதாகத் தளர்த்தி, மறுபடி லேசாகத் தொடும் அளவுக்கு மட்டும் இறுக்குவார். வெட்டும் துளையும் நேராக இல்லாவிட்டால், கழலும் திசையில் திருப்பி அடுத்த வெட்டுக்குக் கொண்டுவருவார்.

இந்தக் கடைசி அசைவின் அளவு என்ன? மரையின் பிட்ச் 1.5 மி.மீ. என்றால், நட்டு ஒரு முழுச் சுற்றுக்கு 1.5 மி.மீ. நகரும். ஆறில் ஒரு சுற்றுக்கு 0.25 மி.மீ. நகரும். பேரிங் தாங்கும் ஆட்டத்தோடு பார்த்தால் இது பெரிய தாவல். அதனால் சில ஆக்சில்களில் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு துளைகள் போட்டிருப்பார்கள். அப்போது பன்னிரண்டில் ஒரு சுற்றுக்கு ஒரு தடவை ஏதாவது ஒரு துளை நேராகிவிடும், தாவல் பாதியாகக் குறையும். பின் போட்ட பிறகு டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்து, சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் காது கொடுத்துக் கேட்டால் சரியாக அமைந்ததா என்று தெரிந்துவிடும். எவ்வளவு இறுக்கி எவ்வளவு தளர்த்துவது என்பதற்கு அந்தந்த வண்டியின் கையேடுதான் கணக்கு.

பேரிங்கில் துளையை நேராக்க நட்டைத் தளர்த்தலாம். இரண்டு பாகங்களை அழுத்திப் பிடிக்கும் சாதாரண இணைப்பில் அப்படிச் செய்யக் கூடாது. அங்கே சொன்ன அளவு இறுக்கிய பிறகு வெட்டு நேராக வராவிட்டால், இன்னும் கொஞ்சம் இறுக்கித்தான் நேராக்க வேண்டும். அதற்கு இடமில்லை என்றால் வேறு கனமுள்ள வாஷர் போட வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் ஒரு இடத்தில் பேரிங் வேகிறது, இன்னொரு இடத்தில் போல்ட் ஆடுகிறது.

ஒரு கம்பியில் இவ்வளவு இருக்கிறதா?

புது ஸ்பிளிட் பின் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். அரைவட்டக் கம்பியை மடித்து, இரண்டு தட்டைப் பக்கங்களும் ஒட்டும்படி செய்திருப்பார்கள். மடிப்பில் ஒரு கண் இருக்கும், அதுதான் தலை. இரண்டு கால்களில் ஒன்று மற்றதைவிடச் சற்று நீளமாக இருக்கும். மறுபக்கம் வந்ததும் நீண்ட காலைப் பிளையரால் தனியாகப் பிடித்துப் பிரிப்பதற்காகத்தான் அந்த நீளம்.

பின் துளையில் நெருக்கமாக நுழைய வேண்டும். கடையில் 3.2 என்று கேட்டு வாங்கினால், அந்த எண் குறிப்பது துளையின் விட்டத்தை. கம்பி அதைவிடச் சற்று மெலிதாகத்தான் இருக்கும். தலை நட்டின் வெட்டுக்குள் நன்றாக அமுங்கி உட்கார வேண்டும். தலை துருத்திக்கொண்டு நின்றால் ஓட்டத்தில் பின் துளைக்குள் ஆடி ஆடித் தேய்ந்து அறுந்துவிடும். பிறகு ஒரு காலை போல்ட் முனையின் மேலாகவும், மற்றதை நட்டின் பக்கவாட்டில் கீழாகவும் மடித்து, மிச்சத்தை வெட்டிவிட வேண்டும். நீட்டிக்கொண்டிருக்கும் கால் கையைக் கிழிக்கும், சேலை முந்தானையையோ வேட்டியையோ இழுக்கும்.

கழற்றிய பின்னை நிமிர்த்தி மறுபடி போடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. மென்மையான இரும்புக் கம்பி ஒரு தடவை மடங்கும்போதே அந்த இடத்தில் இறுகிவிடுகிறது. நிமிர்த்தி மறுபடி மடித்தால் மடிப்பில் விரிசல் விடும். பார்வைக்கு முழுதாக இருக்கும், ஒரு கால் மட்டும் எங்கோ வழியில் உதிர்ந்துவிடும். ஆணியைச் செருகி வளைத்துவிடுவதும் ஆபத்துதான். ஆணிக்கு ஒரே ஒரு கால், அதுவும் துளையில் லொடலொடவென்று நிற்கும். ஸ்பிளிட் பின்னால் சுமையைத் தாங்க முடியாது, நட்டைத் திரும்பவிடாமல் நிறுத்தத்தான் முடியும். டிரெய்லரின் கொக்கி ஆணியைப் போல இழுவை வரும் இடத்தில் ஆணிதான் சுமையைத் தாங்க வேண்டும், பின் அந்த ஆணி உருவாமல் பார்த்துக்கொள்ள மட்டும் வேண்டும்.

மரையே இல்லாத இடத்தில் சர்க்ளிப்

சில இடங்களில் நட்டு போட மரையும் இருக்காது, இடமும் இருக்காது. பைக் இன்ஜினில் பிஸ்டனையும் கனெக்டிங் ராடையும் இணைக்கும் பின் அப்படிப்பட்டது. அது பிஸ்டனுக்குள் தளர்வாகச் சுழல வேண்டும். ஆனால் பக்கவாட்டில் ஒரு மில்லிமீட்டர் வெளியே வந்தாலும் சிலிண்டர் சுவரைக் கீறிவிடும். எனவே துளையின் இரு முனையிலும் உட்பக்கம் ஒரு பள்ளம் வெட்டி, அதில் ஸ்பிரிங் இரும்பு வளையம் ஒன்றைப் போடுகிறார்கள். அதுதான் சர்க்ளிப். தண்டின் வெளிப்பக்கம் போடும் வகையும் உண்டு.

சர்க்ளிப் எவ்வளவு சின்னப் படியில் நிற்கிறது என்று தெரிந்தால்தான் அதை மதிக்கத் தோன்றும். 20 மி.மீ. தண்டுக்கான பள்ளத்தின் அடி விட்டம் 19 மி.மீ. அதாவது பள்ளத்தின் ஆழம் அரை மில்லிமீட்டர்தான். பள்ளத்தில் கரியோ பழைய கிரீஸோ அடைந்திருந்தால், அந்த அரை மில்லிமீட்டரிலும் பாதி போய்விடும். பள்ளத்தைச் சுத்தம் செய்துவிட்டு, போட்ட பிறகு வளையத்தைப் பள்ளத்துக்குள்ளேயே கொஞ்சம் சுற்றிப் பார்க்க வேண்டும். முழுச் சுற்றிலும் உட்கார்ந்த வளையம் சீராக நகரும். எங்காவது ஏறி நிற்கும் வளையம் அந்த இடத்தில் முரண்டு பிடிக்கும்.

தகட்டிலிருந்து வெட்டி எடுத்த சர்க்ளிப்பை நகத்தால் தடவினால், ஒரு பக்க ஓரம் மழுங்கலாகவும் மறுபக்க ஓரம் கூராகவும் இருப்பது தெரியும். தள்ளும் பாகத்தின் பக்கம் மழுங்கல் ஓரமும், அதற்கு எதிர்ப்பக்கம் கூர் ஓரமும் வர வேண்டும். அப்போதுதான் கூர் ஓரம் பள்ளத்தின் சுவரில் முழுதாக முட்டி நிற்கும். மாற்றிப் போட்டால் மழுங்கல் ஓரம் பள்ளத்தின் விளிம்பில் ஏறி, வளையம் புரண்டு வெளியே வரப் பார்க்கும். மாட்டும்போது பிளையரால் தேவைக்கு மேல் விரித்துவிட்டால் ஸ்பிரிங் தன்மை போய்விடும். அப்படி விரிந்த வளையம் பள்ளத்தில் தளர்வாகக் கிடக்கும், அதைத் தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதான்.

பிஸ்டன் பின்னுக்குப் போடுவது பெரும்பாலும் கம்பி வளையம். அதன் வாய் மேலேயோ கீழேயோ, அதாவது பிஸ்டன் ஓடும் திசையில் இருக்க வேண்டும். பிஸ்டன் ஒவ்வொரு ஓட்டத்தின் முடிவிலும் சடாரென்று திரும்புகிறது. வாய் பக்கவாட்டில் இருந்தால் அந்த உலுக்கல் வளையத்தை ஒடுக்கித் தளர்த்தும். வேலை தொடங்கும் முன் கிராங்க் கேஸின் வாயில் சுத்தமான துணியை அடைத்துக்கொள்ள வேண்டும். கை நழுவித் தெறிக்கும் ஒரு வளையம் உள்ளே விழுந்தால், முழு இன்ஜினையும் பிரித்தாக வேண்டும். கண்ணுக்குக் கண்ணாடியும் அவசியம்.

சர்க்ளிப் தெறித்துப் போன இன்ஜினில், சிலிண்டர் சுவரில் பின் இருந்த பக்கமாக ஆழமான கீறல் நேராக ஓடியிருக்கும். அங்கே சர்க்ளிப்பை மட்டும் மாற்றினால் திரும்பவும் அதே கதைதான். கனெக்டிங் ராடு லேசாக வளைந்திருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் பின்னைப் பக்கவாட்டில் தள்ளி, வளையத்தை இடித்துக்கொண்டே இருக்கும். அதனால் ராடு நேராக இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

லாக் நட்டின் பலமும் பலவீனமும்

சைக்கிள் ஹப்பில் கோனும் அதற்கு வெளியே லாக் நட்டும் இருக்கும். கோன் பேரிங் குண்டுகளை அளவாகத் தொட்டு நிற்க வேண்டும், இறுக்கக் கூடாது. லாக் நட்டு அந்த இடத்திலேயே கோனை நிறுத்துகிறது. இரண்டும் ஒன்றையொன்று எதிர்த்துத் தள்ள, இடையில் உள்ள மரை இழுபட்டு இரண்டின் பிடியும் இறுகுகிறது. ஆனால் கோனை ஒரு ஸ்பானரால் அசையாமல் பிடித்துக்கொண்டு, இன்னொரு ஸ்பானரால் லாக் நட்டைத் திருக வேண்டும். ஒரே ஸ்பானரை வைத்து வேலையை முடித்தால் கோனும் கூடவே திரும்பி, பார்த்து வைத்த அளவு மாறிப்போகும்.

ஒல்லி நட்டும் தடி நட்டும் சேர்த்துப் போடும் இடங்களில் ஒல்லியானது உள்ளே, தடியானது வெளியே வர வேண்டும். வெளி நட்டை இறுக்கும்போது இழுவை முழுவதும் அதன்மேல் ஏறிவிடுவதால், மரை அதிகமுள்ள தடி நட்டுதான் அங்கே தாங்கும். பல பட்டறைகளில் இது தலைகீழாகவே நடக்கிறது.

சரியாகப் போட்ட லாக் நட்டும் உராய்வைத்தான் நம்பி நிற்கிறது. இறுக்கத்துக்குமேல் இன்னொரு இறுக்கம் அது, ஸ்பிளிட் பின்னைப்போல வழியை மறிக்கும் தடை அல்ல. இதன் விலையை இங்கிலாந்து ரயில்வே கண்டது. 2002 மே 10 அன்று லண்டனுக்கு வடக்கே பாட்டர்ஸ் பார் நிலையத்தில், ஓடிக்கொண்டிருந்த பயணிகள் ரயிலின் கடைசிப் பெட்டி தடம் மாற்றும் பாயின்ட்ஸில் புரண்டு பிளாட்பாரத்தின்மேல் ஏறியது. ஏழு பேர் இறந்தார்கள். பாயின்ட்ஸின் இரண்டு நாக்குத் தண்டவாளங்களையும் சரியான இடைவெளியில் வைத்திருக்க வேண்டிய குறுக்குத் தண்டுகளில், நட்டுகள் தளர்ந்து கழன்றிருந்தன.

உள்ளே நைலான் வளையம் உள்ள நைலாக் நட்டும் உராய்வு வகைதான். நைலான் மரையைக் கவ்விப் பிடிக்கிறது. போல்ட் முனை நைலானைத் தாண்டி ஓரிரு மரை வெளியே தெரிந்தால்தான் அந்தக் கவ்வல் உண்டு. சுமார் 120 டிகிரி செல்சியஸுக்கு மேல் நைலான் இளகிவிடும், எனவே சைலன்ஸர் பக்கம் இது ஆகாது. கையாலேயே கடைசி வரை சுழலும் நைலாக் நட்டு கவ்வலை இழந்துவிட்ட நட்டு.

அமெரிக்க விமான விதிகள் இந்த வேறுபாட்டை வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கின்றன. எந்த போல்ட் கழன்றால் விமானம் பத்திரமாகப் பறந்து இறங்க முடியாதோ, அதற்குத் தனித்தனியாக இரண்டு பூட்டு வேண்டும். ஓட்டத்தில் சுழலக்கூடிய போல்ட்டில் நைலாக் போன்ற நட்டை மட்டும் போடக் கூடாது, உராய்வை நம்பாத இன்னொரு பூட்டும் கூடவே இருக்க வேண்டும்.

ஒடிந்த பின் சொல்லும் சேதி

வண்டியை சர்வீஸிலிருந்து எடுக்கும்போது இதே கேள்வியோடு பார்க்கலாம். அசையும் இணைப்பு ஒவ்வொன்றிலும், உராய்வு முழுதாகப் போய்விட்டாலும் இது கழலாமல் தடுக்க என்ன இருக்கிறது என்று கேளுங்கள். பிரேக் லிங்க், ஸ்டியரிங் மூட்டு, சக்கர ஆக்சில் ஆகிய மூன்று இடங்களைப் பார்த்தாலே பெரும்பாலும் போதும். காஸில் நட்டின் துளை காலியாக இருந்தால், அல்லது அதில் ஆணியோ கட்டுக்கம்பியோ இருந்தால், வண்டியை எடுக்காதீர்கள். ஸ்பிளிட் பின் போட முடியாத நட்டுகளில் இறுக்கி முடித்ததும், நட்டையும் போல்ட்டையும் சேர்த்து ஒரு கோடு பெயின்ட் அடித்துவிடலாம். நட்டு திரும்பினால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும்.

பழைய ஸ்பிளிட் பின்னைக் கழற்றும்போது அதைத் தூக்கி எறியும் முன் ஒரு நிமிடம் பாருங்கள். நன்றாக வேலை நடந்த இணைப்பில் பின் கொஞ்சம் துருப்பிடித்திருக்கும், அவ்வளவுதான். கம்பியின் பக்கத்தில் பளபளவென்று தேய்மானமோ, நட்டு முட்டிய இடத்தில் ஒரு நசுங்கலோ, பாதி அறுபட்ட காலோ தெரிந்தால், நட்டு திரும்பப் பார்த்திருக்கிறது என்று அர்த்தம். பேரிங் போயிருக்கலாம், புஷ் தேய்ந்திருக்கலாம், போல்ட் தளர்ந்திருக்கலாம். புது பின் போட்டுவிட்டால் நட்டு மறுபடி நிற்கும். ஆனால் அதைத் திருப்பிய காரணம் உள்ளேயே இருக்கும். அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்த பிறகுதான் அந்தப் புதுப் பின்னை மடிக்க வேண்டும்.